சிரியஸ் ஏ, சிரியஸ் பி: ஒரே கணக்கில் பொலிவு, தொலைவு, விண்மீனின் வயது

தொடக்கநிலை வானியல் தேர்வுக்குப் படிக்கும்போது பொலிவு ஒரு பாடம், இடமாறு தோற்றம் இன்னொரு பாடம், விண்மீன்களின் வாழ்க்கை மூன்றாவது பாடம் என்று தனித்தனியாகப் படிக்கிறோம். கேள்வித்தாளில் அவை அப்படிப் பிரிந்து வருவது குறைவு. ஒரு விண்மீனின் இடமாறு கோணம், பொலிவெண், வெப்பநிலை மூன்றையும் கொடுத்துவிட்டு, அது வாழ்க்கையின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எப்படித் தெரியும் என்று கேட்டுவிடுவார்கள். சூத்திரங்கள் மனப்பாடமாக இருந்தும் பலர் திணறுவது இங்கேதான். ஒரு விடையை எடுத்து அடுத்த படியில் எங்கே வைப்பது என்பது பிடிபடாது.

அதனால் ஒரே கணக்கை முதலிலிருந்து கடைசிவரை போட்டுப் பார்ப்போம். இதற்கு சிரியஸை விடப் பொருத்தமான விண்மீன் எனக்குத் தெரியவில்லை. இரவு வானத்தில் மிகப் பொலிவாகத் தெரியும் விண்மீன் அது. உண்மையில் அது இரண்டு விண்மீன்கள். சிரியஸ் ஏ நம் கண்ணுக்குத் தெரிகிறது. சிரியஸ் பி அதன் ஒளியில் மறைந்து கிடக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சுற்றுவதால் நம்மிடமிருந்து கிட்டத்தட்ட ஒரே தொலைவில் உள்ளன.

கேள்வியில் கொடுத்திருப்பவை இவை என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடமாறு கோணம் 0.379 வில்நொடி. தோற்றப் பொலிவெண் ஏ-வுக்கு −1.46, பி-க்கு 8.44. பரப்பு வெப்பநிலை ஏ-வுக்கு சுமார் 9,900 கெல்வின், பி-க்கு சுமார் 25,000 கெல்வின். கடைசிக் கேள்வி: இவற்றில் எது வாழ்ந்து முடித்த விண்மீன்?

முதல் படி: கோணத்திலிருந்து தொலைவு

பூமி சூரியனைச் சுற்றுவதால், பக்கத்தில் இருக்கும் விண்மீன் தூரத்து விண்மீன்களின் பின்னணியில் ஆண்டு முழுவதும் லேசாக இடம் மாறித் தெரியும். கையை நீட்டிக் கட்டைவிரலை ஒரு கண்ணாலும் பிறகு மறு கண்ணாலும் பார்த்தால் விரல் நகர்வது போலத் தெரிகிறதே, அதேதான். ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களில் விண்மீன் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். அந்த நகர்வில் பாதிதான் இடமாறு கோணம்.

இந்தப் "பாதி" என்ற சொல்லைக் கவனியுங்கள். கோணம் பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தூரத்தை, அதாவது ஒரு வானியல் அலகை அடிப்படையாகக் கொண்டது. ஆறு மாதத்தில் பூமி நகர்வதோ இரண்டு வானியல் அலகு. கேள்வியில் "ஆறு மாதத்தில் 0.758 வில்நொடி நகர்ந்தது" என்று இருந்தால் அதை இரண்டால் வகுத்த பிறகே சூத்திரத்தில் போட வேண்டும். இல்லாவிட்டால் தொலைவு பாதியாகிவிடும், அதற்குப் பின்னால் வரும் எல்லா விடையும் தவறும்.

```
d = 1 / p
d = 1 / 0.379 = 2.64
```

p வில்நொடியில் இருந்தால் d பார்செக்கில் வரும். ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு. ஆகவே சிரியஸ் 8.6 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. கேள்வியில் கோணத்தை மில்லி வில்நொடியில், அதாவது 379 என்று கொடுத்தால் முதலில் ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். சூரியனைத் தவிர எந்த விண்மீனுக்கும் இடமாறு கோணம் ஒரு வில்நொடியை எட்டுவதில்லை. மிக அருகிலுள்ள பிராக்சிமா செண்டாரிக்கே சுமார் 0.77 வில்நொடிதான். ஆகவே உங்கள் தொலைவு ஒரு பார்செக்கை விடக் குறைவாக வந்தால் அலகில் எங்கோ பிழை இருக்கிறது என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

கோணம் இவ்வளவு சிறியது என்பதால்தான் இந்த அளவீடு மனிதர்களுக்கு இவ்வளவு காலம் பிடிபடாமல் இருந்தது. 1838-இல் பெசல் என்ற ஜெர்மானிய வானியலாளர் 61 சிக்னி என்ற விண்மீனுக்கு சுமார் 0.31 வில்நொடி என்று அளந்து வெளியிட்டார். இன்றைய மதிப்பு 0.286. அந்தக் காலக் கருவியைக் கொண்டு அவர் இவ்வளவு நெருங்கி வந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. பெசலின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சிரியஸ் கதையில் மறுபடியும் வருவார்.

இந்த முறைக்கு எல்லை உண்டு, தேர்வில் அதையும் கேட்பார்கள். அளவீட்டுப் பிழை கோணத்தோடு ஒப்பிடும் அளவுக்குப் பெரிதாகிவிட்டால் தொலைவை நம்ப முடியாது. ஒரு விண்மீனின் கோணம் 0.005 வில்நொடி, பிழை 0.002 கூடவோ குறையவோ என்று வைப்போம். தொலைவு 200 பார்செக் என்று வரும். ஆனால் கோணம் 0.007 ஆக இருந்தால் 143 பார்செக், 0.003 ஆக இருந்தால் 333 பார்செக். கோணத்தில் பிழை இரு பக்கமும் சமம், தொலைவிலோ தூரப் பக்கம் அதிகமாக இழுத்துக்கொண்டு போகிறது. சிரியஸ் மிக அருகில் இருப்பதால் நமக்கு இந்தக் கவலை இல்லை.

இரண்டாம் படி: பொலிவெண்ணைத் தலைகீழாகப் படிக்கப் பழகுவது

பொலிவெண் அளவுகோல் தலைகீழானது. எண் குறையக் குறையப் பொலிவு கூடும். பழைய கிரேக்க வானியலில் கண்ணுக்கு மிகப் பொலிவாகத் தெரிந்தவற்றை முதல் தரம் என்றும், தெரிந்தும் தெரியாமலும் இருப்பவற்றை ஆறாம் தரம் என்றும் பிரித்தார்கள். அந்தத் தரவரிசைதான் இன்றும் தொடர்கிறது. 1856-இல் போக்சன் அதற்குக் கணித வடிவம் கொடுத்தார்: ஐந்து பொலிவெண் வித்தியாசம் என்றால் சரியாக நூறு மடங்கு. அப்படியானால் ஒரு பொலிவெண் என்பது நூறின் ஐந்தாம் மூலம், அதாவது 2.512 மடங்கு.

இந்த "ஐந்துக்கு நூறு" ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் கால்குலேட்டர் இல்லாமலே பாதிக் கணக்கு முடிந்துவிடும். சிரியஸ் இரண்டுக்கும் வித்தியாசம் 8.44-இலிருந்து −1.46-ஐக் கழித்தால் 9.90. குறைக் குறியைக் கழிக்கும்போது கூட்ட வேண்டும். அவசரத்தில் 6.98 என்று எழுதுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பத்துப் பொலிவெண் என்றால் நூறு பெருக்கல் நூறு, பத்தாயிரம் மடங்கு. நமக்கு அதைவிட 0.1 குறைவு, ஆகவே சுமார் 9,100 மடங்கு.

சரி, சிரியஸ் ஏ, பி-யை விட 9,100 மடங்கு பொலிவாகத் தெரிகிறது. இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பொதுவாக ஒரு விண்மீன் பொலிவாகத் தெரிவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: அது அருகில் இருக்கலாம், அல்லது உண்மையிலேயே அதிக ஒளி வீசலாம். இந்த இரண்டும் ஒரே தொலைவில் இருப்பதால் முதல் காரணம் அடிபட்டுப்போகிறது. ஆக வித்தியாசம் முழுவதும் விண்மீன்களுக்குள்ளேயே இருக்கிறது. இரட்டை விண்மீன் என்று கேள்வியில் பார்த்தாலே இந்த வாதத்தை ஒரு வரி எழுதிவிடுங்கள்.

மூன்றாம் படி: தனிப் பொலிவெண்

சூரியனோடு ஒப்பிட வேண்டுமானால் எல்லா விண்மீனையும் ஒரே தொலைவில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தொலைவு 10 பார்செக். அங்கே வைத்தால் எவ்வளவு பொலிவாகத் தெரியுமோ அதுவே தனிப் பொலிவெண்.

```
M = m − 5 × log10(d / 10)
```

எண்களைப் போடுவதற்கு முன் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். சிரியஸ் இப்போது 2.64 பார்செக்கில் இருக்கிறது. அதை 10 பார்செக்குக்குத் தள்ளினால் 3.79 மடங்கு தூரம் போகிறது. ஒளி தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதால் 14 மடங்குக்குக் கொஞ்சம் மேல் மங்கும். மங்கினால் பொலிவெண் கூட வேண்டும். பத்து பார்செக்கை விட அருகில் இருக்கும் எந்த விண்மீனுக்கும் தனிப் பொலிவெண், தோற்றப் பொலிவெண்ணை விடப் பெரிய எண்ணாகத்தான் வரும். உங்கள் விடை எதிர்த்திசையில் போனால் குறியில் பிழை. கால்குலேட்டரில் `log` பொத்தானுக்குப் பதில் `ln` பொத்தானை அழுத்திவிடுவது இன்னொரு பழக்கமான பிழை. திசை சரியாக இருந்து அளவு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக வந்தால் அதைச் சந்தேகியுங்கள்.

கணக்கில் 5 × log10(0.264) என்பது −2.89. ஆகவே சிரியஸ் ஏ-வின் தனிப் பொலிவெண் −1.46 கூட்டல் 2.89, அதாவது 1.43. பி-க்கு 8.44 கூட்டல் 2.89, அதாவது 11.33.

சூரியனின் தனிப் பொலிவெண் 4.83. தேர்வில் பெரும்பாலும் இதைக் கொடுத்துவிடுவார்கள். சிரியஸ் ஏ சூரியனை விட 3.40 பொலிவெண் பொலிவு, அதாவது சுமார் 23 மடங்கு ஒளி. பி சூரியனை விட 6.50 பொலிவெண் மங்கல், அதாவது சூரிய ஒளியில் 400-இல் ஒரு பங்கு.

பி-யின் எண்ணில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நாம் கணக்கிட்டது கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டுமே. 25,000 கெல்வினில் இருக்கும் ஒரு பொருள் தன் ஆற்றலில் பெரும்பகுதியைப் புற ஊதாக் கதிர்களாக வெளியிடும், அது இந்தப் பொலிவெண்ணில் சேராது. எல்லா அலைநீளத்தையும் சேர்த்தால் பி-யின் ஒளிர்திறன் சூரியனில் சுமார் 0.025 பங்கு, அதாவது நாம் கண்டதைப் போலப் பத்து மடங்கு. ஏ-வுக்கு இந்த வேறுபாடு சிறியது, 23 என்பது சுமார் 25 ஆகும். கேள்வியில் "மொத்த ஒளிர்திறன்" என்று தனியாக ஒரு எண் கொடுத்திருந்தால் அடுத்த படிக்கு அதைத்தான் எடுக்க வேண்டும்.

நான்காம் படி: வெப்பநிலை சேர்ந்ததும் உருவம் தெரிகிறது

இப்போது முடிச்சு இறுகுகிறது. சூடான பொருள் அதிகமாக ஒளிர வேண்டும். பி, ஏ-வை விட இரண்டரை மடங்கு சூடு. ஆனால் மொத்த ஒளி ஆயிரத்தில் ஒரு பங்கு. இது எப்படி? பரப்பு மிகமிகச் சிறியதாக இருந்தால் மட்டுமே முடியும்.

1862-இல் ஆல்வன் கிரகாம் கிளார்க் புதிய தொலைநோக்கி ஒன்றைச் சோதிக்கும்போது சிரியஸ் பி-யை முதன்முதலில் பார்த்தார். மங்கலாக இருக்கிறது என்பதால் அது குளிர்ந்த விண்மீனாக இருக்கும் என்று எண்ண இடமிருந்தது. 1915-இல் வால்டர் ஆடம்ஸ் அதன் நிறமாலையை எடுத்தபோதுதான் அது வெண்மையான, சூடான விண்மீன் என்று தெரிந்தது. அந்த ஒரு அளவீடு வானியலாளர்களை நிறுத்தி யோசிக்க வைத்தது.

ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மான் விதியை சூரியனை அலகாக வைத்து எழுதினால் மாறிலிகள் எல்லாம் போய்விடும்:

```
L = R² × T⁴
R = √L / T²
```

சூரியனின் பரப்பு வெப்பநிலை சுமார் 5,770 கெல்வின். ஏ-வுக்கு T = 1.72, L = 25. ஆரம் 5-ஐ 2.94-ஆல் வகுக்க 1.7 சூரிய ஆரம். சற்றே பெரிய, சாதாரண விண்மீன். பி-க்கு T = 4.33, L = 0.025. ஆரம் 0.158-ஐ 18.8-ஆல் வகுக்க 0.0084 சூரிய ஆரம். சூரியன் பூமியைப் போல 109 மடங்கு அகலம், ஆகவே பி பூமியை விடக்கூடக் கொஞ்சம் சிறியது. இந்த வகை விண்மீனுக்கு வெண்குறுமீன் என்று பெயர்.

ஒளிர்திறனை நிமிர்ந்த அச்சிலும் வெப்பநிலையைக் கிடை அச்சிலும் வைத்து வரையும் எச்.ஆர். வரைபடத்தில் இது இன்னும் தெளிவு. அதில் வெப்பநிலை இடப்பக்கம் போகப் போகக் கூடும், இதையும் மறந்துவிடக் கூடாது. இடப்பக்க மேல்மூலையிலிருந்து வலப்பக்கக் கீழ்மூலைக்குச் சாய்ந்து ஓடும் பட்டைதான் முதன்மைத் தொடர். ஏ அதன்மேல் உட்காருகிறது. பி அந்தப் பட்டைக்கு வெகு கீழே, இடப்பக்கத்தில் கிடக்கிறது. செம்பெருமீன்கள் எதிர்ப்பக்கம், வலது மேலே இருக்கும்: குளிர்ந்த பரப்பு, ஆனால் ஏராளமான ஒளி, ஆகவே பிரம்மாண்டமான உருவம்.

ஐந்தாம் படி: நிறை

விண்மீனின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது நிறை. இரட்டை விண்மீனில் அதை நேரடியாக எடுக்கலாம். இரண்டும் ஒரு சுற்று சுற்ற சுமார் 50 ஆண்டு ஆகிறது. சுற்றுப்பாதையின் அரைநெட்டச்சு வானத்தில் 7.5 வில்நொடி. இதைப் பார்செக்கில் உள்ள தொலைவால் பெருக்கினால் வானியல் அலகில் வந்துவிடும்: 7.5 × 2.64 = 19.8. முதல் படியில் கண்ட தொலைவு இங்கே திரும்ப வருகிறது.

```
மொத்த நிறை = a³ / P²
            = 19.8³ / 50² ≈ 3.1
```

இரண்டும் சேர்ந்து மூன்று சூரிய நிறைக்குச் சற்று மேல். இதை எப்படிப் பங்கு பிரிப்பது? ஒவ்வொன்றும் பொது நிறை மையத்தைச் சுற்றி எவ்வளவு அசைகிறது என்பதைப் பார்க்க வேண்டும். 1844-இல் பெசல் சிரியஸ் நேர்கோட்டில் நகராமல் நெளிந்து போவதைக் கவனித்து, கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று இருக்க வேண்டும் என்று அறிவித்தார். அந்த நெளிவே பங்கைச் சொல்கிறது: ஏ சுமார் 2 சூரிய நிறை, பி சுமார் 1 சூரிய நிறை. பூமியளவு உருண்டைக்குள் ஒரு சூரியன். அதன் பொருள் ஒரு கன சென்டிமீட்டர் சராசரியாக இரண்டு டன்னுக்கு மேல் எடை இருக்கும்.

ஆறாம் படி: யார் முதலில் முடிந்தார்?

விண்மீன் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை மையத்தில் ஹைட்ரஜனை ஹீலியமாக இணைத்தபடி முதன்மைத் தொடரில் கழிக்கிறது. நிறை அதிகமானால் எரிபொருளும் அதிகம், ஆனால் செலவு அதைவிடப் பல மடங்கு வேகம். அதனால் பெரிய விண்மீன் சீக்கிரம் முடியும். தேர்வுக்குப் போதுமான தோராயச் சூத்திரம் இது, இங்கே M என்பது தனிப் பொலிவெண் இல்லை, சூரிய நிறையில் சொன்ன விண்மீனின் நிறை:

```
t ≈ 1000 கோடி ஆண்டு × M^(−2.5)
```

இரண்டு சூரிய நிறை கொண்ட ஏ-வுக்கு இது சுமார் 177 கோடி ஆண்டு தருகிறது. ஒரு சூரிய நிறைக்கு 1000 கோடி. அப்படியானால் பி, ஏ-வுக்குப் பிறகு வெகு காலம் கழித்தே முடிய வேண்டும். ஆனால் பி தான் முடிந்துபோனது. இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை, வயது ஒன்றே. இந்த இடத்தில் "பி-யின் வயது அதிகம்" என்று எழுதினால் விடை தவறு.

சரியான விடை, பி-யின் இன்றைய நிறை அதன் பிறந்த நிறை இல்லை என்பது. அது சுமார் 5 சூரிய நிறையோடு பிறந்திருக்க வேண்டும். சூத்திரத்தில் 5 போட்டால் சுமார் 18 கோடி ஆண்டு வருகிறது. சிரியஸ் அமைப்பின் வயதாக மதிப்பிடப்படும் 23 முதல் 25 கோடி ஆண்டை விட அது குறைவு, ஆகவே பி முடிந்துபோக நேரம் இருந்தது. மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் பி செம்பெருமீனாக ஊதியது, ஹீலியத்தைக் கார்பனாகவும் ஆக்சிஜனாகவும் மாற்றியது, பிறகு வெளியடுக்குகளை விண்வெளியில் உதறியது. ஏறக்குறைய நான்கு சூரிய நிறை போய்விட்டது. மிஞ்சிய மையமே இன்றைய வெண்குறுமீன். உதறிய வாயு சில பத்தாயிரம் ஆண்டுகள் கோள்வடிவ நெபுலாவாக ஒளிர்ந்து கலைந்திருக்கும். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அதற்கும் கோள்களுக்கும் தொடர்பு இல்லை, சிறிய தொலைநோக்கியில் வட்டமாகத் தெரிந்ததால் வந்த பெயர்.

வெண்குறுமீனில் அணு இணைவு நடப்பதில்லை. 25,000 கெல்வின் என்பது பழைய சூட்டின் மிச்சம், மெதுவாக ஆறிக்கொண்டிருக்கிறது. அது தன் எடையில் நொறுங்காமல் இருப்பதற்குக் காரணம் நெருக்கப்பட்ட எலக்ட்ரான்களின் அழுத்தம். அந்த அழுத்தம் தாங்கக்கூடிய உச்ச நிறை சுமார் 1.4 சூரிய நிறை, அதுவே சந்திரசேகர் எல்லை. பி-யின் நிறை 1, ஆகவே எல்லைக்குள் பத்திரமாக இருக்கிறது.

பிறந்த நிறை சுமார் 8 சூரிய நிறையைத் தாண்டியிருந்தால் முடிவு வேறு. அப்படிப்பட்ட விண்மீன் மையத்தில் இரும்புவரை இணைத்துக்கொண்டே போகும். இரும்பை இணைத்தால் ஆற்றல் கிடைக்காது, செலவாகும். தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாமல் மையம் சரிய, சூப்பர்நோவா வெடிப்பும் நியூட்ரான் விண்மீனும் அல்லது கருந்துளையும் மிஞ்சும். சூரியனும் சிரியஸ் ஏ-வும் இந்த வழியில் போகாது. "சூரியன் சூப்பர்நோவாவாக வெடிக்கும்" என்ற வரிக்கு எப்போதும் தவறு போடுங்கள்.

இனிக் கடைசிக் கேள்விக்கு இப்படி எழுதலாம்: பி முதன்மைத் தொடருக்குக் கீழே, சூடாகவும் மங்கலாகவும், பூமியளவு ஆரத்தோடும் ஒரு சூரிய நிறையோடும் இருப்பதால் அது வெண்குறுமீன். ஏ-வை விட அதிக நிறையோடு பிறந்ததால் முதலில் முடிந்தது, பிறகு நிறையை இழந்தது. ஏ முதன்மைத் தொடரில் இருக்கிறது. இன்னும் பல கோடி ஆண்டு போனபின் அதுவும் ஊதிச் சிவந்து, தன் வெளியடுக்குகளை உதறி, பக்கத்தில் இன்னும் ஆறிக்கிடக்கும் பி-யைப் போல ஒரு வெண்குறுமீனாகும்.